மச்சினரும் ஒரு சொட்டு மையும்

எங்கள் வீட்டில் சென்ற மாதம் முதல் ராத்திரி ஷிப்ட் நடக்கிறது. மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. பக்கவாதம் வந்ததில் இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு மட்டும் துளிக்கூடப் பழுதாகவில்லை. படுத்தபடியே வீட்டை நிர்வாகம் செய்கிறார். ஆனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு மாத்திரைச் சீட்டு, ஒரு பில், கூடவே நர்ஸம்மாவின் கட்டளை ஒன்றும் கொடுத்தார்கள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைங்க. பகல்ல மட்டுமில்ல, ராத்திரியிலயும்தான். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும்."

ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. நாலு நாளில் நானும் மச்சினர் கணேசனும் பேய்களைப் போல் ஆகிவிட்டோம். ஐந்தாம் நாள் காலை காப்பி சாப்பிடும்போது கணேசன் ஒரு சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். பாங்க்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். எதையும் கூட்டி, வகுத்து, பாதியாக்கி விடுவார்.

"அத்தான், ரெண்டு மணி நேரம்ங்கறது ஆஸ்பத்திரிக்காரங்க ஜாக்கிரதைக்கு சொல்றது. நாலு மணி நேரம் தாராளமாப் போதும். அம்மா படுத்திருக்கிற இடத்துல ரத்தம் நசுங்குது, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு விரற்கடை தள்ளி ரத்தம் நல்லா ஓடிட்டுத்தானே இருக்கு? அங்கேர்ந்து ஆக்ஸிஜன் தானா ஊறி வந்துடாதா? இதைப் பாருங்க."

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பேனா மை விட்டார். மை நீலப் புகை மாதிரி சுருண்டு, வளையம் வளையமாக இறங்கி, நூல் நூலாகப் பிரிந்தது. சில நிமிஷத்தில் டம்ளர் முழுக்க வெளிர்நீலம்.

"யாராவது கலக்கினாங்களா? ஸ்பூன் போட்டோமா? தானாப் பரவிடுச்சு பாருங்க!"

வாசகர்களே, இது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் தவறு என்று அந்த நிமிஷத்தில் சொல்ல வரவில்லை. மச்சினர்களிடம் வாதம் செய்கிறபோது எப்போதும் இப்படித்தான் நேருகிறது. பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். வந்த பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் அந்த டம்ளரில் நடந்தது என்ன? மை தானாகப் பரவவில்லை. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போனது. குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் டம்ளரில் ஐந்து, பத்து நிமிஷம் உள்ளுக்குள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். மை தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் இறங்குகிறது. இறங்கும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் கிளறுகிறது. டம்ளரின் ஒரு பக்கம் ஜன்னல் வெயில் பட்டால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் மேலே எழும்பும். ஸ்பூன் போடாவிட்டாலும் இவ்வளவு பேர் கலக்குகிறார்கள்.

கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. நூல், சுருள், வளையம் என்று மை வடிவம் காட்டினால் அது ஓட்டத்தின் வேலை. நிஜமாகத் தானாகப் பரவும் மைக்கு வடிவமே கிடையாது. அடர்நீலம், நீலம், வெளிர்நீலம், நிறமின்மை என்று சாயம் போன வேட்டிக் கரை மாதிரி மங்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் தண்ணீரை அசையாமல் கட்டிப்போட வேண்டும். அதற்கு நம் சமையலறையில் ஒரு வஸ்து இருக்கிறது: சைனா கிராஸ் என்கிற கடல்பாசி. கொதிக்கவைத்து ஆறவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். உறைந்தாலும் அதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தான். பாசி ஒரு கொசுவலை மாதிரி உள்ளே நிற்கிறது. தண்ணீரை ஓடவிடாது, ஆனால் மையின் மூலக்கூறுகள் வலைக் கண்களின் வழியே தாராளமாகப் போய் வரலாம்.

உயரமான கண்ணாடிக் குப்பி ஒன்றில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல்பாசி காய்ச்சி ஊற்றி உறையவைத்தேன். மனைவி, "பால், சர்க்கரை ஒண்ணும் சேர்க்கலையா?" என்று விசாரித்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலே இரண்டு விரல் அளவு மை ஊற்றி மூடினேன். கணேசனின் பெண் நித்யா, ஒன்பதாம் வகுப்பு, தன் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை ஒட்டவைத்து, அளவெடுக்கும் அதிகாரியாகத் தன்னையே நியமித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு நீலத்தின் விளிம்பு நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

"ஒரு மணிக்கு நாலு மில்லிமீட்டர்" என்றார் கணேசன். "பத்து சென்டிமீட்டர்னா நூறு மில்லிமீட்டர். நூறை நாலால வகுத்தா இருபத்தஞ்சு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அடியைத் தொட்டுடும். பந்தயம்!"

பந்தயம் என்னவென்றால், அடியைத் தொட்டால் நாலு மணிக்கு ஒரு தடவை. தொடாவிட்டால் இரண்டு மணிக்கு ஒரு தடவை, அதிலும் ராத்திரி இரண்டு மணி, நாலு மணி இரண்டு முறையும் அவருடையது.

பகல் பன்னிரண்டு மணிக்கு, அதாவது நாலு மணி நேரம் கழித்து, நித்யா பார்த்தாள். எட்டு மில்லிமீட்டர். கணேசன் கணக்குப்படி பதினாறு இருக்க வேண்டும். சாயந்தரம் ஐந்து மணிக்கு, ஒன்பது மணி நேரம் ஆனபோது, பன்னிரண்டு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இருபத்தைந்து மணி நேரம் முடிந்து, இருபது. இரண்டே சென்டிமீட்டர்! முக்கால் குப்பிக்கும் மேல் பளிங்கு மாதிரி இருக்கிறது.

"என்ன அத்தான், மை களைச்சுப் போச்சா?" என்றார் கணேசன், பாங்க் கணக்கு டாலி ஆகாதவர் மாதிரி.

நித்யா எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் 1, 4, 9, 25. தூரம் 4, 8, 12, 20. "மாமா, தூரத்தை எல்லாம் நாலால வகுத்தா 1, 2, 3, 5 வருது. இது நேரத்தோட ஸ்கொயர் ரூட்!"

அதேதான். ஓட்டத்தில் போகிற பொருள் நாலு மடங்கு நேரத்தில் நாலு மடங்கு தூரம் போகும். தானாகப் பரவுகிற பொருள் நாலு மடங்கு நேரத்தில் இரண்டு மடங்குதான் போகும். திருப்பிச் சொன்னால், இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு நேரம்; பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். மை குப்பியின் அடியைத் தொட, முதல் நாலு மில்லிமீட்டரைப் போல இருபத்தைந்து மடங்கு தூரம் இறங்க வேண்டும். அதற்கு 25 தடவை 25, அதாவது 625 மணி நேரம். கணேசன் சொன்னது ஒரு நாள். மை எடுத்துக்கொள்வது இருபத்தாறு நாள்.

ஏன் இப்படி? மை களைத்துப் போகவில்லை. அதற்குப் போகவேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது, அதுதான் விஷயம்.

1905-ம் வருஷம் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர் 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு மனிதன் ஓர் இடத்திலிருந்து நேராகச் சில அடி நடக்கிறான். பிறகு ஏதோ ஒரு பக்கம் திரும்பி அதே அளவு நடக்கிறான். மறுபடி ஏதோ ஒரு பக்கம். இப்படிப் பல தடவை நடந்த பிறகு புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பான்? லார்ட் ரேலி என்ற விஞ்ஞானி, ஒலி அலைகளைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கணக்கைத் தாம் 1880-லேயே போட்டுவிட்டதாக உடனே பதில் எழுதினார். தள்ளாடுகிற ஒரு குடிமகனைத் தேடினால், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று பியர்சன் முடிவு சொன்னார். 'குடிமகன்' என்ற சொல்லை நான் இங்கே எந்த அர்த்தத்தில் பயன்படுத்துகிறேன் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

பியர்சன் இந்தக் கேள்வியில் இறங்கக் காரணம் சாராயம் அல்ல, கொசு. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் இருப்பதை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், ஓர் ஊரைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குக் குட்டைகளை மூடினால் கொசு ஊருக்குள் வராது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இலக்கில்லாமல் பறக்கும் கொசு வாழ்நாள் முழுக்கப் பறந்தாலும் பிறந்த குட்டையை விட்டு வெகுதூரம் போய்விடாது என்பது அவர் வாதம்.

நம் குடிமகனுக்கு வருவோம். கணக்கு சுலபமாக இருக்க, அவரை ஒரு குறுகிய சந்தில் விடுவோம். காசு சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் ஓர் அடி முன்னால், தலை விழுந்தால் ஓர் அடி பின்னால். அவர் சராசரியாக எங்கே இருப்பார்? முன்னால் போகவும் பின்னால் போகவும் சம வாய்ப்பு, ஆகவே சராசரி இடம் புறப்பட்ட இடமேதான். இது உண்மை, ஆனால் உபயோகமில்லாத உண்மை. நமக்கு வேண்டியது அவர் எந்தப் பக்கம் என்பதல்ல, எவ்வளவு தள்ளி என்பது. பக்கத்தை மறக்க ஒரு வழி, தூரத்தை வர்க்கம் பண்ணிவிடுவது. மைனஸும் பிளஸ் ஆகிவிடும்.

நித்யாவைப் போடச் சொன்னேன். இரண்டு அடி வைத்தால் நாலு விதமாக முடியலாம்: +2, 0, 0, -2. வர்க்கங்கள் 4, 0, 0, 4. சராசரி 2. மூன்று அடி வைத்தால் எட்டு விதம்: இரண்டில் 3 அடி தள்ளியும், மீதி ஆறில் 1 அடி தள்ளியும் நிற்பார். வர்க்கங்கள் ஒன்பதும் ஒன்பதும் ஆறு ஒன்றுகளும் சேர்ந்து 24. எட்டால் வகுத்தால் சராசரி 3.

இரண்டு அடிக்கு இரண்டு, மூன்று அடிக்கு மூன்று. தற்செயலா? இல்லை. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். அவர் இப்போது x அடி தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். அடுத்த அடியில் x+1 ஆகலாம், x-1 ஆகலாம். முதலாவதின் வர்க்கம் x² + 2x + 1. இரண்டாவதின் வர்க்கம் x² - 2x + 1. இரண்டும் சமவாய்ப்பு, ஆகவே சராசரி எடுங்கள். அந்த 2x ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் x² + 1.

அதாவது, அவர் எங்கே நின்றாலும், ஒவ்வோர் அடியும் வர்க்கத்தின் சராசரியில் சரியாக ஒன்றைத்தான் கூட்டுகிறது. நூறு அடி வைத்தால் வர்க்கம் நூறு. தூரம் அதன் வர்க்கமூலம், பத்து. பத்தாயிரம் அடி வைத்தால் தூரம் நூறு. மிச்ச அடிகள் எல்லாம் போன வழியே திரும்பி வந்ததில் கழிந்துவிட்டன.

மையின் மூலக்கூறும் இதே குடிமகன்தான். சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் இடிக்கின்றன. இந்தப் பக்கம் இடி, அந்தப் பக்கம் இடி, போன இடியின் நினைவு அடுத்த இடிக்கு இல்லை. இதே 1905-ல் ஐன்ஸ்டைன் இந்தக் கணக்கைத் தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களுக்குப் போட்டார். சில வருஷத்தில் பாரிஸில் ழான் பெரின் மைக்ராஸ்கோப்பில் துகள்களை முப்பது விநாடிக்கு ஒரு தடவை குறித்துவைத்து, கணக்கு சரிதான் என்று காட்டினார். மூலக்கூறு என்பது கற்பனையல்ல என்று சந்தேகிகளை ஒப்புக்கொள்ளவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1926-ல் பெரினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"எல்லாம் சரி அத்தான்" என்றார் கணேசன். "முன்னாலயும் பின்னாலயும் சமமாப் போகுதுன்னா, மை ஏன் கீழ இறங்கணும்? மேலயே இருக்கலாமே?"

பாங்க்காரருக்குத் தகுந்த பதில் சொன்னேன். குப்பியில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே நூறு மை மூலக்கூறு, கீழே பத்து. எல்லோரும் காசு சுண்டுகிறார்கள். மேலேயிருந்து ஐம்பது பேர் இறங்குவார்கள், கீழேயிருந்து ஐந்து பேர் ஏறுவார்கள். நிகரம் நாற்பத்தைந்து கீழே. எந்த மூலக்கூறுக்கும் கீழே போக ஆசை இல்லை. கூட்டம் அதிகமான இடத்திலிருந்து அதிகம் பேர் வெளியேறுகிறார்கள், அவ்வளவுதான். பரவப் பரவக் கோட்டின் இருபுறமும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். வரவும் செலவும் நெருங்கும். அதனால்தான் போகப்போக மந்தம்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வோர் அடியும் முன்அடியை மறந்திருக்க வேண்டும், ஒரு பக்கமாக இழுக்க யாரும் இருக்கக் கூடாது. குடிமகனின் மனைவி வந்து சட்டைக் காலரைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்தால் வர்க்கமூலம் போய்விடும். இரண்டு மடங்கு நேரத்தில் இரண்டு மடங்கு தூரம். கணேசனின் டம்ளரில் மையின் காலரைப் பிடித்து இழுத்தது தண்ணீர்.

இப்போது அத்தையின் முதுகுக்கு வருகிறேன்.

நம் உடம்பில் அந்த மனைவியின் வேலையைச் செய்வது இதயம். நுரையீரலிலிருந்து கால் கட்டைவிரல் வரை, ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஆக்ஸிஜன் தானாகவே தண்ணீரில் ஊறிப் போகவேண்டும் என்றால் சுமார் எட்டு வருஷம் ஆகும். இதயம் இழுத்துப் போவதால் ரத்தம் ஒரு நிமிஷ வாக்கில் உடம்பையே சுற்றி வந்துவிடுகிறது. ஆனால் கடைசிச் சந்தில், மயிரிழையைவிட மெல்லிய தந்துகியிலிருந்து செல்லுக்கு, ஆக்ஸிஜன் இறங்கித் தள்ளாடித்தான் நடக்கவேண்டும். அங்கே மனைவி கிடையாது.

அந்தக் கடைசித் தூரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். அதைக் கடக்கச் சராசரியாக இரண்டு மூன்று விநாடி போதும். ஒரு சென்டிமீட்டர் என்றால்? தூரம் நூறு மடங்கு, ஆகவே நேரம் பத்தாயிரம் மடங்கு. சுமார் ஏழு மணி நேரம். (நித்யாவின் மை ஏறக்குறைய அதே நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் போனதே என்று கேட்பவர்களுக்கு: அவள் அளந்தது கண்ணுக்குத் தெரிந்த முன்னோடிகளின் விளிம்பு. கூட்டத்தின் சராசரி அதில் பாதி தூரம்தான் போயிருக்கும். ஆக்ஸிஜன் மையைவிட வேகம்தான். ஆனால் செல் பிழைக்க முன்னோடிகள் போதாது, கூட்டம் வரவேண்டும்.)

கணேசன் சொன்ன இரண்டு விரற்கடை மூன்று சென்டிமீட்டராவது இருக்கும். மூன்று மடங்கு தூரம், ஒன்பது மடங்கு நேரம். அறுபத்து மூன்று மணி. இரண்டரை நாளுக்கும் மேல்! அதுவும் வழியில் யாரும் தொடாமல் இருந்தால். வழி நெடுகப் பட்டினி கிடக்கும் செல்கள் இருக்கின்றன. கையில் கிடைத்ததை அப்போதே தின்றுவிடும். பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வந்த கதைதான்.

ஆகவே இடுப்பெலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தந்துகிகள் நசுங்கி மூடிக்கொண்டால், பக்கத்தில் ரத்தம் ஓடுகிறது என்பது ஆறுதலே இல்லை. புரட்டிப் படுக்கவைக்கும்போது நாம் செய்வது தூரத்தை மூன்று சென்டிமீட்டரிலிருந்து மறுபடி பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைப்பது. படுக்கைப் புண்ணுக்கு ஈரம், துணி உரசல், சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதையும் ஆளைப் பார்த்து டாக்டர் மாற்றலாம்; மச்சினர் மாற்றக் கூடாது.

நர்ஸம்மா ஓர் அடையாளமும் சொல்லியிருந்தார். எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்தம் வந்து போகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுதான் புண்ணின் முதல் எச்சரிக்கை. உடனே சொல்லி அனுப்பவேண்டும். நம்முடைய மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

குப்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. மை ஊற்றி ஒன்பது நாள் கழித்து, சாயந்தரம் ஐந்து மணிக்கு, அதாவது 225-வது மணியில், நித்யா அளந்தாள். ஆறு சென்டிமீட்டர். 225-க்கு வர்க்கமூலம் 15. பதினைந்து நாலு அறுபது மில்லிமீட்டர். கணேசன் ஸ்கேலைத் தானே ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் அலாரம் வைத்தார். இரண்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று.

அன்று ராத்திரி இரண்டேகால் மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அலமாரிப் பக்கம் விளக்கு எரிந்தது. கணேசன் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல்:

"டேய் கணேசா, மை எங்கேயும் போயிடாது. மணி ரெண்டேகால் ஆச்சு, முதல்ல என்னைத் திருப்பிப் போடு."